கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வழி தவறினாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ மலையாளத்தில் எப்படிச் சொல்வது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வரை தமிழ் போதும். வீட்டில் படுக மொழி பேசுகிறவர்களும் உங்களோடு தமிழில் பேசிவிடுவார்கள். நடுவட்டத்தைத் தாண்டிக் கூடலூருக்கு இறங்கி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி என்று மேற்கே போகப் போக நிலைமை மாறுகிறது. இந்தப் பகுதி முன்பு வயநாட்டின் தென்கிழக்குத் துண்டு. 1877இல்தான் நீலகிரி மாவட்டத்தோடு சேர்ந்தது. இன்றும் இங்கே பல வீடுகளில் மலையாளமே வீட்டுமொழி. கடைவீதியில் எல்லாரும் தமிழ் பேசுவார்கள். ஆனால் எஸ்டேட் பாதையில் மாலை ஐந்தரைக்கு எதிரே வருகிற ஒரு வயதான அம்மாவுக்குத் தமிழ் ஓரளவுதான் புரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாளூரைத் தாண்டினால் வயநாடு, நாடுகாணிச் சுரத்தில் இறங்கினால் மலப்புறம். அங்கே முழுக்க மலையாளம்தான்.

மலையாளம் தமிழுக்குப் பக்கத்து மொழி, எப்படியும் சமாளித்துவிடலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. நீங்கள் சொல்வது அவர்களுக்குப் பெரும்பாலும் புரியும். சிக்கல் வருவது ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களால். தெரியாத சொல் வந்தால் திரும்பக் கேட்போம். தெரிந்த சொல் மாதிரி ஒன்று வந்தால் கேட்க மாட்டோம், தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவோம். அதனால் சொல்ல வேண்டிய வாக்கியங்களுக்குக் கொடுக்கும் இடத்தை இந்தச் சொற்களுக்கும் கொடுத்திருக்கிறோம்.

முதலில் ஒலிகள்

மலையாள வாக்கியங்களை ஒலிப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ஐந்து விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள்.

சொல்லின் தொடக்கத்தில் வரும் ச-வைப் 'பச்சை' என்பதில் வரும் ஓசையோடு சொல்லுங்கள். 'சேச்சி' என்றால் 'ச்சேச்சி'. மெல்லிய ஓசை வேண்டிய இடத்தில் ஸ என்றே எழுதியிருக்கிறோம்.

ற்ற என்பதைத் த்த என்றோ ட்ர என்றோ சொல்லக் கூடாது. நாக்கு நுனியை மேல்பல் ஈறில் வைத்து 'ட்ட' சொன்னால் வரும் ஓசை அது. 'தெற்றி' என்ற சொல்லில் இது வரும்.

ங்ங என்பது நம் 'அங்ஙனம்' என்ற சொல்லில் வருகிற ஓசைதான். 'ஞங்ஙள்' (நாங்கள்) என்று மூக்கோடு இழுத்துச் சொன்னால் போதும். வினைமுற்றுகளில் தவிர, சொல்லின் கடைசியில் வரும் உகரத்தை நம் குற்றியலுகரம்போல முழுதாகத் திறக்காமல் விடுங்கள்.

ஐந்தாவது, கேட்கும்போது தேவைப்படுவது. மலப்புறம் பக்கத்துப் பேச்சில் ழ பல பேருக்கு ய ஆகிவிடும். வழி 'வயி' ஆகும், புழ 'புய' ஆகும், கழிஞ்ஞு 'கயிஞ்ஞு' ஆகும். இது தெரியாவிட்டால் 'வயி' என்று காதில் விழுந்ததும் வயிற்றைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று தோன்றும்.

வழி தவறிவிட்டது என்று சொல்ல

ஆளைக் கூப்பிட, ஆணாக இருந்தால் 'சேட்டா', பெண்ணாக இருந்தால் 'சேச்சி'. உங்களைவிட இளையவராகத் தெரிந்தாலும் முன்பின் தெரியாதவரை இப்படிக் கூப்பிடலாம். நம்மூர் 'அண்ணே', 'அக்கா' மாதிரிதான். நாம் 'ங்க' போட்டு மரியாதையாகக் கேட்பதுபோல வினையின் கடைசியில் '-ணே' வந்தால் கெஞ்சிக் கேட்கும் தொனி வந்துவிடும். அதனால் எல்லாக் கோரிக்கைகளையும் அந்த வடிவிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

'சேட்டா, ஒன்னு ஸஹாயிக்கணே' — அண்ணே, கொஞ்சம் உதவி செய்யுங்க.

'வழி தெற்றிப்போயி' — வழி தவறிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தைச் சரியான ஓசையோடு சொல்லப் பழகுங்கள். 'தெத்தி' என்று சொன்னாலும் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், ஆனால் ஒரு நொடி யோசிப்பார்கள்.

'ஈ ஸ்தலத்தின்டெ பேரெந்தா?' — இந்த இடத்தின் பெயர் என்ன? போக வேண்டிய ஊரைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள். பிறகு ஃபோனில் யாரிடமாவது சொல்ல உங்களுக்குத் தேவைப்படப்போவது இந்தப் பெயர்தான். எஸ்டேட்டுக்குள் இருந்தால் எஸ்டேட் பெயரோடு பாடியின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசையை இங்கே 'பாடி' என்பார்கள். ஒரே எஸ்டேட்டில் பல பாடிகள், ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கும்.

'கூடல்லூர்க்கு ஏதா வழி?' — கூடலூருக்கு எது வழி? 'பஸ் எவிடெ கிட்டும்?' — பஸ் எங்கே கிடைக்கும்?

இங்கே ஒரு எச்சரிக்கை. கேரளத்துக்குள் நின்றுகொண்டு 'கூடலூர்', 'பந்தலூர்' என்று மட்டும் கேட்காதீர்கள். பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கூடல்லூர் இருக்கிறது. மலப்புறம் மாவட்டத்திலேயே மஞ்சேரிப் பக்கம் ஒரு பந்தலூர் இருக்கிறது. 'நீலகிரி பந்தலூர்', 'ஊட்டி போகுன்ன கூடல்லூர்' என்று சேர்த்தே சொல்லுங்கள்.

மாலையிலும் விடியலிலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'ஈ வழியில் ஆன எறங்ஙியிட்டுண்டோ?' — இந்த வழியில் யானை வந்திருக்கிறதா? 'எறங்ஙி' என்றால் காட்டிலிருந்து ஊருக்குள் வந்துவிட்டது என்று பொருள். இந்தப் பக்கத்து மக்கள் பேச்சில் தினமும் வருகிற சொல். நீங்கள் கேட்காவிட்டால், உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த செய்திதானே என்று அவர்களும் சொல்லாமல் விட்டுவிடலாம்.

பதிலைப் புரிந்துகொள்ள

வழி கேட்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். பதிலில் வரும் திசைச்சொற்கள் எளிது. எடத்தோட்டு என்றால் இடப்பக்கம், வலத்தோட்டு வலப்பக்கம், நேரெ நேராக, மோளிலோட்டு மேலே, தாழோட்டு கீழே, பொறகோட்டு பின்னால். அடுத்து என்றால் பக்கத்தில். நம் 'அடுத்தது' இல்லை. 'அடுத்தா' என்று ஒருவர் சொன்னால் இடம் கிட்டத்தில் இருக்கிறது என்கிறார்.

ஆனால் வழியில் வரும் அடையாளங்களின் பெயர்கள் ஏமாற்றும். 'கவல' என்றால் சாலைகள் பிரியும் சந்திப்பு. 'கவல கழிஞ்ஞு' என்று காதில் விழும்போது கவலை தீர்ந்தது என்று ஆறுதல் சொல்வதுபோலத் தோன்றும். அவர் சொல்வது சந்திப்பைத் தாண்டி என்று. 'தோடு' என்றால் ஓடை. 'தோடு கழிஞ்ஞு' என்றால் ஓடையைத் தாண்டி. 'சுரம்' என்றால் மலையேறும் சாலை, நம் கணவாய். அதற்கும் காய்ச்சலுக்கும் தொடர்பில்லை. மூடுபனியை 'கோட' அல்லது 'மஞ்ஞு' என்பார்கள்.

உயிருக்கே முக்கியமானது தடைச்சொல். தமிழில் 'போகாதீங்க' என்பதை மலையாளத்தில் மூன்று விதமாகச் சொல்வார்கள்: 'போகண்டா', 'போகருது', 'போவல்லே'. முதல் இரண்டில் வேண்டாம் என்பது ஓரளவு காதுக்குப் பிடிபடும். மூன்றாவதுதான் ஆபத்து. 'போவல்லே' என்பது நம் காதுக்குப் 'போகலையா?' என்று கேள்வியாக விழும். 'இல்லை, இப்பத்தான் போறேன்' என்று சொல்லிவிட்டு அதே பாதையில் நடக்கத் தொடங்குவோம். 'திரியல்லே' இன்னும் மோசம். அது 'திரும்பாதே' என்ற கட்டளை. நமக்குத் 'தெரியலே' என்று கேட்கும், இவருக்கு வழி தெரியாது போலிருக்கிறது என்று விட்டுவிடுவோம். வினையின் கடைசியில் '-ல்லே' வந்து, சொல்கிறவர் கையையும் அசைத்தால், தடுக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு நில்லுங்கள்.

சந்தேகம் தீர ஒரே வழி, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி 'அல்லே?' என்று முடிப்பது. 'எடத்தோட்டு, அல்லே?' — இடப்பக்கம்தானே? சரி என்றால் 'அதெ' என்பார். 'அதே' என்று ஏதோ ஒன்றைச் சுட்டுவதாக நினைக்க வேண்டாம், அது 'ஆமாம்'. தவறு என்றால் 'அல்ல' என்பார். வேகமாகப் பேசினால் 'பதுக்கெ பறயணே' — மெதுவாகச் சொல்லுங்க. எதுவும் சரிவராவிட்டால் 'தமிழ் அறியாவுன்ன ஆரெங்கிலும் உண்டோ?' — தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா? பாடிகளில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஆள் கிடைக்கும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் இந்தத் தோட்டங்களில் நிறைய இருக்கின்றன.

குழந்தை காணாமல் போனால் 'என்டெ குட்டியெ காணுன்னில்லா' என்று சொல்லுங்கள். 'குட்டி' என்பது மலையாளத்தில் குழந்தைக்கான இயல்பான சொல். நடக்க முடியாத நிலையில், ஆள் தெரியாத இடத்திலிருந்து கத்த வேண்டி வந்தால் 'ஓடி வாயோ!' என்று கத்துங்கள். ஓடி வாருங்கள் என்று பொருள். மலையாளிகள் ஆபத்தில் எழுப்பும் குரல் இதுதான். 'காப்பாத்துங்க' என்பதைவிட இதற்கு ஆட்கள் விரைவாகத் திரும்புவார்கள்.

உடம்பு முடியவில்லை என்று சொல்ல

'எனிக்கு ஸுகமில்லா' — எனக்கு உடம்பு சரியில்லை. இன்னும் அழுத்தமாகச் சொல்ல 'எனிக்கு வய்யா'. 'வய்யா' என்பது முடியவில்லை என்ற பொருளில் எதோடும் சேரும். 'நடக்கான் வய்யா' என்றால் நடக்க முடியவில்லை. இது திட்டு இல்லை, கூச்சப்பட வேண்டாம்.

'அவசரம்' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, சந்தர்ப்பம். 'ரொம்ப அவசரம்' என்று நீங்கள் பதறுவது அவர்களுக்குப் பொருளற்றுப் போகும். 'பெட்டென்னு வரணே' (சீக்கிரம் வாங்க) என்பதோ 'அத்யாவஸ்யமா' என்பதோ சரி. 'அடியந்தரம்' என்ற சொல்லுக்கு நெருக்கடி என்ற பொருள் உண்டு, ஆனால் இறந்தவருக்குச் செய்யும் சடங்கையும் அது குறிக்கும். நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தொடாமல் இருப்பது நல்லது.

வலியைச் சொல்ல 'வலி' உதவாது. மலையாளத்தில் வலி என்றால் இழுப்பு. 'வலிவு' என்றால் மூச்சிரைப்பு, ஆஸ்துமா. நெஞ்சு வலி என்று சொன்னால் பேச்சு இளைப்பு நோய்ப் பக்கம் திரும்பிவிட வாய்ப்பு உண்டு. 'வேதன' என்று சொல்லுங்கள்: 'நெஞ்சு வேதன', 'வயறு வேதன', 'தல வேதன'. மூச்சு முட்டினால் 'ஸ்வாஸம் முட்டுன்னு'.

காய்ச்சலுக்குச் சொல் 'பனி'. 'பனிக்குன்னு' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. மருத்துவமனையில் 'பனியுண்டோ?' என்று கேட்டால் வெளியே பனி கொட்டுகிறதா என்று சன்னலைப் பார்க்க வேண்டாம். நீங்கள் 'சுரம்' என்று சொன்னால் அவர் மலைச்சாலையை நினைப்பார். இப்படி இந்த இரண்டு சொற்களும் இரண்டு மொழிகளிலும் இடம் மாறிக் கிடக்கின்றன. குளிர்கிறது என்பதற்குத் 'தணுக்குன்னு', நடுக்கத்துக்கு 'விறய்க்குன்னு'.

மயக்கத்திலும் கவனம் வேண்டும். மலையாளத்தில் 'மயக்கம்' என்றால் அரைத்தூக்கம் என்றும் போதை என்றும் எடுத்துக்கொள்ளலாம். தலை சுற்றினால் 'தல கறங்ஙுன்னு'. நினைவு தப்பியிருந்தால் 'போதம் போயி'. இங்கே போதம் என்பதில் வரும் ப, பஸ் என்பதில் வரும் ப. வாந்திக்குச் 'சர்த்திக்குன்னு', வயிற்றுப்போக்குக்கு 'வயறிளக்கம்'. காயத்துக்கு 'முறிவு', இரத்தத்துக்குச் 'சோர'. 'சோர வருன்னு' என்று சொல்லும்போது 'சோர' என்பதன் கடைசி எழுத்து உகரமாகிவிட்டால் சோறு ஆகிவிடும்.

எப்போதிலிருந்து என்பதைச் சொல்லும்போது நடக்கும் பிழை மருத்துவருக்கே தவறான தகவலைக் கொண்டுபோகும். மலையாளத்தில் 'ராவிலெ' என்றால் காலையில். நம் பேச்சில் ராவிலே என்றால் இரவில். 'ராவிலெ முதல் பனிக்குன்னு' என்றால் காலையிலிருந்து காய்ச்சல். இரவிலிருந்து என்றால் 'ராத்ரி முதல்' என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும் என்பதால் கூடவே மணியையும் சொல்லிவிடுங்கள். எண்கள் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இவை எல்லாவற்றிலும் அதிகம் சிக்க வைக்கிற சொல் 'கழிச்சு'. மலையாளத்தில் கழிக்க என்றால் சாப்பிட. செவிலியர் 'எந்தெங்கிலும் கழிச்சோ?' என்று கேட்டால் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று பொருள். நாம் கழிச்சலை நினைத்து 'ஆமா, நாலு தடவை' என்போம். 'மருந்து கழிச்சோ?' என்றால் மருந்து சாப்பிட்டாச்சா? மாத்திரைக்குக் 'குளிக' என்பார்கள். 'பக்ஷணம் கழிச்சிட்டு குளிக கழிக்கணம்' என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட வேண்டும்.

தண்ணீருக்கு 'வெள்ளம்'. 'கொறச்சு வெள்ளம் தரணே' என்றால் கொஞ்சம் தண்ணீர் கொடுங்க. வயிற்றுப்போக்கு என்றால் 'உப்பிட்ட கஞ்ஞிவெள்ளம்' கேளுங்கள். மலையாளி வீட்டில் கஞ்சித்தண்ணீர் பெரும்பாலும் அடுப்படியில் இருக்கும். சர்க்கரை நோய்க்கு 'ஷுகர்', இரத்த அழுத்தத்துக்குப் 'ப்ரஷர்' என்றே சொல்வார்கள். 'ஷுகருண்டு' என்றால் போதும். ஆனால் உண்ணும் சீனிக்குச் சொல் 'பஞ்சஸார', பேச்சில் 'பஞ்சார'. 'சர்க்கர' என்று கேட்டால் வெல்லம் வரும்.

பாம்பு கடித்தால் சொல் சிக்கல் இல்லை, 'பாம்பு கடிச்சு' இரண்டு மொழிக்கும் பொது. அவர்கள் 'அனங்ஙல்லே' என்பார்கள். அசையாதே என்று பொருள், இதுவும் அந்த '-ல்லே' கட்டளைதான். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மோதிரம், கொலுசு, வாட்சைக் கழற்றிவிடுங்கள். கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். யாராவது கயிற்றோடு வந்தால் 'கெட்டண்டா' (கட்ட வேண்டாம்) என்று சொல்லுங்கள். கிளம்பும் முன் மருத்துவமனைக்கு ஃபோன் போட்டு 'அவிடெ பாம்பின்டெ விஷத்தினுள்ள மருந்து உண்டோ?' என்று கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.

108க்குப் பேசும்போது

ஆம்புலன்சுக்கு 108, எல்லா நெருக்கடிக்கும் 112. இரண்டும் இரண்டு மாநிலங்களிலும் உண்டு. எல்லையோரத்தில் உங்கள் ஃபோன் கேரளக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்திருந்தால் அழைப்பு கேரளத்து மையத்துக்குப் போகக்கூடும். நீங்கள் நிற்பது தமிழ்நாடாக இருந்தாலும் எடுப்பவர் மலையாளத்தில் பேசுவார். பதறி வைத்துவிட வேண்டாம். முதல் வாக்கியத்திலேயே மாவட்டத்தைச் சொல்லிவிடுங்கள்:

'ஞங்ஙள் நீலகிரி ஜில்லயிலா, பந்தலூரின்டெ அடுத்து. ஒராள்க்கு நெஞ்சு வேதன. ஆம்புலன்ஸ் வேணம்.'

நாங்கள் நீலகிரி மாவட்டத்தில், பந்தலூருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஒருவருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வேண்டும். அடுத்து அவர் 'அடுத்து எந்தா உள்ளது?' என்று கேட்பார். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அடையாளம் கேட்கிறார். பள்ளி, மசூதி, சர்ச், டீத்தூள் ஃபேக்டரி, பஸ் நிழற்குடை என்று சாலையிலிருந்து தெரிவதைச் சொல்லுங்கள். பக்கத்தில் உள்ளூர்க்காரர் இருந்தால் 'ஒன்னு பறஞ்ஞு கொடுக்கணே' (கொஞ்சம் சொல்லிக்கொடுங்க) என்று ஃபோனை அவர் கையில் கொடுப்பதுதான் மிக வேகமான வழி.

ஒரு முழு உரையாடல்

திருநெல்வேலியிலிருந்து ஒரு மகன், சர்க்கரை நோயுள்ள அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு கூடலூரிலிருந்து பந்தலூருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாடுகாணியில் சாலை பிரிகிறது. ஒன்று தேவாலா வழியாகப் பந்தலூருக்கு, மற்றது சுரம் இறங்கி நிலம்பூருக்கு. மாலை மூடுபனியில் அவர் நிலம்பூர்ச் சாலையில் இறங்கிவிடுகிறார். வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை. அடிவாரத்தில் வழிக்கடவில் ஒரு டீக்கடையில் நிறுத்துகிறார்.

'சேச்சீ, ஒன்னு ஸஹாயிக்கணே. வழி தெற்றிப்போயி. நீலகிரி பந்தலூர்க்கு போகணம். அம்மய்க்கு ஸுகமில்லா, தல கறங்ஙுன்னு. ஷுகருண்டு.'

கடைக்காரம்மா முதலில் கேட்பது: 'எந்தெங்கிலும் கழிச்சோ?' இங்கே தவறினால் எல்லாம் தவறும். சரியான பதில்: 'இல்லா, ஒன்னும் கழிச்சில்லா. ராவிலெ குளிக கழிச்சு.' சாப்பிடவில்லை, காலையில் மாத்திரை மட்டும் போட்டார். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கும் என்பது அந்த அம்மாவுக்கே புரியும். 'மூன்னு ஸ்பூன் பஞ்சார இட்ட வெள்ளம் தரணே' என்று கேளுங்கள். மூன்று டீஸ்பூன் சீனி கலந்த தண்ணீர். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும்.

அம்மா கொஞ்சம் தேறியதும் கடைக்காரம்மா சொல்கிறார்: 'இப்போ சுரம் கேறண்டா. கோடயுண்டு, ஆன எறங்ஙும். நிலம்பூர் ஆஸுபத்ரியில் காணிச்சோ. ஆ கவல கயிஞ்ஞு நேரெ போக்கோ, எவிடெயும் திரியல்லே.'

பழகாத காதுக்கு இதில் காய்ச்சலும் கவலையும் கழிச்சலும் வழி தெரியாத ஒரு பெண்ணும்தான் கேட்கும். அவர் சொன்னது இது: இப்போது சுரம் ஏற வேண்டாம், மூடுபனி இருக்கிறது, யானை வரும். நிலம்பூர் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அந்தச் சந்திப்பைத் தாண்டி நேராகப் போங்கள், எங்கேயும் திரும்பாதீர்கள். மகன் திருப்பிச் சொல்ல வேண்டியது: 'சுரம் கேறண்டா. கவல கழிஞ்ஞு நேரெ நிலம்பூர்க்கு, அல்லே?' அந்த அம்மா 'அதெ' என்றால் வண்டியை எடுக்கலாம்.

நிலம்பூர் மாவட்ட மருத்துவமனையில் சீட்டு வரிசையில் நிற்காமல் 'காஷுவாலிட்டி எவிடெயா?' என்று கேட்டு நேரே போக வேண்டும். அங்கே சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம்: 'ஷுகருண்டு. ராவிலெ எட்டு மணிக்கு குளிக கழிச்சு, பக்ஷணம் கழிச்சில்லா. வைகுன்னேரம் முதல் சர்த்திக்குன்னு, தல கறங்ஙுன்னு.' வைகுன்னேரம் என்றால் மாலை. சொல்லிக்கொண்டே அம்மாவின் மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அதிலுள்ள மருந்தின் பெயருக்கு எந்த மொழியும் தேவையில்லை.